ஒரே பேட்ச், இரண்டு தேதி

2005 பிப்ரவரியில் மியான்மரின் கிழக்குப் பகுதியில் ஒரு கிராமப்புற மருத்துவமனைக்கு 23 வயது இளைஞர் ஒருவர் மலேரியாவோடு வந்து சேர்ந்தார். மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த மருந்தில் எந்தத் தவறும் இல்லை. அது ஆர்ட்டிசுனேட், மலேரியாவுக்கு அப்போதிருந்த மிகச் சிறந்த மருந்து. அட்டையில் சீனாவின் குய்லின் நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆனாலும் நோய் முற்றி அவர் இறந்துபோனார். மீதமிருந்த மாத்திரைகளைப் பிறகு சோதித்தபோது, 50 மில்லிகிராம் இருக்க வேண்டிய ஆர்ட்டிசுனேட் 10 மில்லிகிராம்தான் இருந்தது. அதோடு பாராசிட்டமால் கலந்திருந்தது.

பாராசிட்டமால் காய்ச்சலைக் கொஞ்சம் தணிக்கும். மருந்து வேலை செய்கிறது என்று நோயாளியும் மருத்துவரும் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் ஓரிரு நாள் கழிவதற்குள் ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகிவிடும். மாத்திரையில் துளி உண்மை மருந்தும் கலந்திருந்தால், மருந்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் எளிய நிறச் சோதனையில்கூட அது தேறிவிட வாய்ப்புண்டு.

இந்தப் போலியை யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இன்டர்போல், உலக சுகாதார நிறுவனம், பால் நியூட்டன் போன்ற மருத்துவ ஆய்வாளர்கள் எல்லோரும் கைகோத்தார்கள். அந்த நடவடிக்கைக்கு 'ஆப்பரேஷன் ஜூபிட்டர்' என்று பெயர். வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து எல்லை ஆகிய இடங்களிலிருந்து 391 ஆர்ட்டிசுனேட் மாதிரிகளைச் சேகரித்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், சாதாரண வாசகர்களும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் வெளி அட்டையையும் அதன் அச்சையும் வைத்து 195 மாதிரிகளைப் போலி என்று சந்தேகித்தார்கள். ரசாயனச் சோதனை முடிந்தபோது அந்த 195-ல் ஒன்றுகூடத் தப்பவில்லை. அத்தனையிலும் ஆர்ட்டிசுனேட் அறவே இல்லை, அல்லது மாத்திரைக்கு அதிகபட்சம் 12 மில்லிகிராம்தான் இருந்தது. கண்ணால் பார்த்துச் சொன்னதை ஆய்வுக்கூடம் உறுதி செய்தது.

அவர்கள் பார்த்த பொருள்களில் முக்கியமானது அட்டையில் ஒட்டியிருந்த ஹோலோகிராம். மலையும் அலையும் கொண்ட அசல் ஹோலோகிராமின் அடிப்பகுதியில், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டுமே தெரியும் அளவில் 'குய்லின் ஃபார்மா' என்று ஆங்கிலத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும். தொடக்ககாலப் போலிகளில் அந்தப் பொடி எழுத்து இல்லை. செய்தி பரவியதும் அடுத்து வந்த போலிகளில் அதுவும் ஏறிவிட்டது. கடைசியில் 16 விதமான போலி ஹோலோகிராம்கள் கணக்கில் வந்தன. மாத்திரைக்குள் சிக்கியிருந்த மகரந்தத் துகள்களும் தாதுக்களும் தென் சீனாவைக் கை காட்ட, அந்தச் சான்றுகளை வைத்துச் சீன அரசு கைது நடவடிக்கையில் இறங்கியது.

ஆய்வாளர்கள் கையில் ஓர் அசல் அட்டை இருந்தது. ஒவ்வொரு மாதிரியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தனியாக ஓர் அட்டையைப் பார்த்து 'இது போலி' என்று சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். இரண்டைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணில் படும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று மாதம் தவறாமல் ஒரே மாத்திரை வாங்குகிற வீடுகளில் இந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய பொருள் தானாகவே இருக்கிறது. பலன் கண்ட போன மாதத்து அட்டைதான் அது. அதைக் காலியானதும் எறிந்துவிடாமல் அடுத்த மாதம் வரை வைத்திருந்தால் போதும்.

பேட்ச் எண் சொல்வது என்ன?

பேட்ச் எண் ஓர் அட்டைக்கு மட்டும் உரியதல்ல. ஒரே தடவையில் கலந்து, ஒரே தொடர்ச்சியாக அடித்தெடுத்த மாத்திரைகள் அத்தனைக்கும் பொதுவான எண் அது. ஒரு பேட்சில் லட்சக்கணக்கில் மாத்திரைகள் இருக்கலாம். எனவே பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய அட்டையிலும் அதே எண் இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு பேட்சுக்கு ஒரே தயாரிப்புத் தேதிதான், ஒரே காலாவதித் தேதிதான். ஒரே பிராண்டு, ஒரே பேட்ச் எண், இரண்டு வெவ்வேறு காலாவதித் தேதிகள் என்று இரண்டு அட்டைகள் கிடைத்தால், அவற்றில் ஒன்றாவது தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்ததல்ல என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய ஒப்பீடுகளில் இதைவிட வலுவானது இல்லை. பெட்டியில் உள்ள எண்ணும் அதற்குள் இருக்கும் அட்டையின் எண்ணும் பொருந்த வேண்டும் என்பதும் இதே கணக்குதான்.

அடுத்தது எண்ணின் அமைப்பு. ஒவ்வொரு நிறுவனமும் எழுத்து எத்தனை, இலக்கம் எத்தனை என்று ஒரு முறை வைத்திருக்கும். 2012-ல் அமெரிக்காவில் அவாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி மருந்தின் போலிகள் மருத்துவர்கள் வரை போய்ச் சேர்ந்தன. அங்கே அதை விற்ற ஜெனன்டெக் நிறுவனத்தின் பேட்ச் எண்ணில் ஆறு இலக்கங்கள் மட்டும் இருக்கும், எழுத்தே வராது. போலிக் குப்பிகளிலோ B6010, B6011, B86017 என்று 'பி' எழுத்தில் தொடங்கும் எண்கள் இருந்தன. குப்பிக்குள் மருந்தே இல்லை.

எண் சரியாக இருந்தாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. 2023 இறுதியில் பிடிபட்ட போலி ஒஸெம்பிக் ஊசிப் பேனாக்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தபோது, NAR0074 என்ற பேட்ச் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அதோடு சேர்ந்து வரும் சீரியல் எண்ணையும் பார்க்கச் சொன்னது. அசல் பெட்டியிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது போலி செய்பவருக்குச் சிரமமே இல்லை. பேட்ச் எண் பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம். பொருந்துகிறது என்பதற்காக அசல் என்று சொல்லிவிட முடியாது.

காலாவதித் தேதியின் கணக்கு

அட்டையில் 06/2026 என்று இருந்தால் ஜூன் மாதம் முடியும்வரை பயன்படுத்தலாம். இது பலருக்கும் தெரியும். அதிகம் பேர் பார்க்காதது, தயாரிப்புத் தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் உள்ள இடைவெளி. 08/2024-ல் தயாரித்த மாத்திரை 07/2027-ல் காலாவதியாகிறது என்றால் ஆயுள் 36 மாதம். ஒரு தொழிற்சாலையில் ஒரே வகைப் பொதியலில் வருகிற மாத்திரைக்கு இந்த இடைவெளி பேட்சுக்குப் பேட்ச் மாறிக்கொண்டே இருக்காது. போன மாதத்து அட்டையில் 36 மாதம், இந்த மாதத்து அட்டையில் 41 மாதம் என்று வந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு முழுப் போலிகளுக்கு மட்டுமல்ல, பழைய மருந்தைப் புதிதாக்கும் வேலைக்கும் பொருந்தும். 2010 மார்ச்சில் சென்னையில் அம்பலமான மோசடி அப்படிப்பட்டது. காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வரை போய் எடுத்துவந்து, தேதியை மாற்றிக் கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். மாத்திரை அந்த நிறுவனத்தினுடையதுதான், அட்டையும் அசல்தான். அங்கே தேதி மட்டும்தான் பொய்.

தேதியில் கை வைத்தால் தடம் விழும். மையால் அச்சிட்ட தேதியை ரசாயனம் தொட்டு அழித்தால், ஃபாயிலின் மேல்பூச்சும் கூடவே கரையும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அட்டையை மெல்லத் திருப்பினால், தேதி இருக்கும் இடம் மட்டும் மங்கியோ சற்று வேறு நிறமாகவோ தெரியும். சில நிறுவனங்கள் மை போடாமல், அட்டையின் ஓரத்தில் எண்ணை அழுத்திப் பதிக்கும். அப்படிப்பட்ட அட்டையில் ஒரு பக்கம் எண் குழிந்திருக்கும், மறுபக்கம் அதே இடம் புடைத்திருக்கும். விரல் நுனியில் தட்டுப்படும். எப்போதும் அழுத்திப் பதித்து வரும் அட்டையில் இந்தத் தடவை மையில் எண் வந்திருந்தால் காரணம் கேட்கலாம்.

இதற்கெல்லாம் தேதியே கையில் இருக்க வேண்டும். கடையில் நான்கு மாத்திரை மட்டும் வெட்டித் தரும்போது பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. வெட்டுவதற்கு முன் முழு அட்டையை வாங்கிப் பார்ப்பதும், பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று கவனிப்பதும் வாங்குபவரின் உரிமை.

ஃபாயிலிலும் பெட்டியிலும்

மாத்திரைகளைச் சுற்றி ஃபாயிலில் தெரியும் சொரசொரப்பு அலங்காரம் அல்ல. சூடான உருளையோ தகடோ ஃபாயிலை அழுத்தி ஒட்டும்போது விழும் பதிவு அது. சில இயந்திரங்களில் சாய்சதுரக் கட்டங்கள் விழும், சிலவற்றில் கோடுகள், சிலவற்றில் புள்ளிகள். நல்ல அட்டையில் அந்தப் பதிவு மாத்திரைக் குழியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கும். ஒரு மூலையில் ஆழமாகவும் மறு மூலையில் மழுங்கியும் இருந்தாலோ, ஓரம் நகத்தால் உரிக்கும் அளவுக்குப் பிரிந்துவந்தாலோ, ஒட்டும் வேலை சரியில்லை என்று பொருள். போலியோ அசலோ, அந்த அட்டைக்குள் ஈரக்காற்று புகும் என்பதால் மருந்து கெட்டிருக்கலாம்.

ஃபாயிலில் இரண்டு வகை அச்சு இருக்கிறது. பிராண்டு பெயர், உட்பொருள், எச்சரிக்கை ஆகியவை ஃபாயில் சுருளிலேயே முன்கூட்டி அச்சாகி வரும். பேட்ச் எண், தேதி ஆகியவற்றைப் பொதிக்கும் இயந்திரம் பிறகு பதிக்கும். அதனால் பல அட்டைகளில் இந்த இரண்டும் வேறு வேறு எழுத்தமைப்பில், சற்றே மாறிய மை அடர்த்தியில் இருக்கும். பேட்ச் எண் லேசாகக் கோணலாக விழுவதும் சகஜம். மாறாக, பிராண்டு பெயரோடு பேட்ச் எண்ணும் ஒரே வார்ப்பில் ஒரே கூர்மையில் இருந்தால் கவனிக்கலாம், ஒரே ஒரு தடவை அடிக்கப் போகிறவர் எல்லாவற்றையும் சேர்த்தே அச்சிட்டுவிடுவார் என்பதால். எல்லாவற்றையும் இயந்திரத்திலேயே ஒன்றாக அச்சிடும் நிறுவனங்களும் உண்டு. அதனால்தான் பழைய அட்டையோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பலரையும் தேவையில்லாமல் பயமுறுத்துவது, ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட எழுத்து. பெயரைத் தொடர்ந்து திரும்பத் திரும்ப அச்சிட்ட ஃபாயிலை இயந்திரம் எந்த இடத்திலும் வெட்டும். பெயரின் பாதி அடுத்த அட்டைக்குப் போய்விடும். அது குற்றமல்ல. எழுத்துப் பிழை, தெளிவில்லாத முகவரி, தயாரிப்பு உரிம எண் இல்லாமை ஆகியவைதான் குற்றம். இந்தியச் சட்டப்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண் மூன்றும் லேபிளில் இருந்தாக வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை கண்ணைவிட விரல் உதவும். நல்ல பெட்டியின் மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். அந்த வழவழப்பில் மை ஒட்டாது என்பதால், பேட்ச் எண்ணும் தேதியும் விலையும் விழ வேண்டிய சிறு இடத்தை மட்டும் பூச்சில்லாமல் விடுவது அச்சகங்களில் வழக்கம். பெட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கட்டம் மட்டும் பளபளக்காது. தேதி வழவழப்பான இடத்தில் விழுந்து, ஈர விரலால் தேய்த்தாலே கலைந்தால் பழைய பெட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். நிறத்துக்குப் பூதக்கண்ணாடி போதும். நிறுவனங்கள் தங்கள் பிராண்டின் நிறத்தைத் தனி மையாகக் கலந்து அச்சிடுவது உண்டு. கண்ணாடியில் பார்த்தால் அது ஒரே நிறப் பரப்பாகத் தெரியும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்ட பெட்டியில் அதே நிறம் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வரிசை

உதாரணத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை வாங்கும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பழைய அட்டையில் 36 மாத இடைவெளி, சாய்சதுரப் பதிவு, இமாசலப் பிரதேச முகவரி. புதிய அட்டையில் 24 மாத இடைவெளி, கோட்டுப் பதிவு, பேட்ச் எண்ணின் அமைப்பும் வேறு. பார்த்ததும் போலி என்றுதான் தோன்றும். ஆனால் அவர் அடுத்து முகவரியைப் படிக்கிறார். அது சிக்கிம் என்று இருக்கிறது. உரிம எண்ணும் மாறியிருக்கிறது. ஒரே பிராண்டை இரண்டு மூன்று தொழிற்சாலைகளில் தயாரிப்பதும், வேறு நிறுவனத்திடம் கொடுத்துத் தயாரித்து வாங்குவதும் இந்திய மருந்துத் தொழிலில் அன்றாடம் நடப்பவை. இயந்திரம் வேறு, எண் முறை வேறு, ஆயுளும் மாறலாம். இங்கே வேறுபாடுகள் எல்லாம் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் இருக்கின்றன. பெட்டியில் உள்ள நிறுவன எண்ணில் அழைத்து அந்த பேட்சைச் சொல்லிக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும்.

இதையே கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். புதிய அட்டையிலும் அதே இமாசல முகவரி, அதே உரிம எண். ஆனால் ஃபாயிலின் பதிவு வேறு, பேட்ச் எண்ணின் அமைப்பு வேறு, தேதி இடைவெளி வேறு, பெட்டியில் ஓர் எண்ணும் அட்டையில் வேறோர் எண்ணும். ஒரு தொழிற்சாலையின் முகவரியைச் சொல்லிக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையின் பழக்கம் எதையும் காட்டாத அட்டை இது. போலி செய்பவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கையில் கிடைத்ததிலிருந்து முகவரியை எடுப்பார்கள், வேறொன்றிலிருந்து எண்ணை எடுப்பார்கள். ஆகவே முதலில் முகவரியும் உரிம எண்ணும், பிறகு பேட்சும் தேதியும், பிறகு ஃபாயில், கடைசியாகப் பெட்டி என்ற வரிசையில் ஒப்பிட்டால் தேவையற்ற சந்தேகமும் குறையும், உண்மையான முரணும் வெளியே வரும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையிலோ பெட்டியிலோ க்யூஆர் குறியீடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை வர வேண்டும். திரையில் வந்துவிட்டது என்பதோடு நிற்காமல், அந்த பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையில் அச்சாகியிருப்பவைதானா என்று வரிக்கு வரி பார்க்க வேண்டும். ஒரு குறியீட்டை நகலெடுத்து எல்லா அட்டையிலும் ஒட்டிவிடலாம். நகலெடுத்த குறியீடு எப்போதும் ஒரே பேட்சைத்தான் சொல்லும்.

கண்ணுக்கு எட்டாதவை

அட்டையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாத ஆபத்து ஒன்று உண்டு. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலரின் சாவோடு தொடர்புபட்ட கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாரானது. லேபிள், பேட்ச் எண், முகவரி எல்லாம் உண்மையானவை. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த SR-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சு இருந்தது. போலி வேறு, தரமற்ற அசல் வேறு. அச்சையும் ஃபாயிலையும் ஒப்பிடுவது முதலாவதற்கு மட்டுமே உதவும். இரண்டாவதில் பேட்ச் எண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. தடை அறிவிப்பு வரும்போது வீட்டில் இருக்கும் பாட்டில் அந்த பேட்சைச் சேர்ந்ததா என்று பார்க்க அது வேண்டும். மாநில மருந்துத் துறைகளும் மத்திய அமைப்பும் தரமற்றவை என வெளியிடும் பட்டியல்கள் பேட்ச் வாரியாகத்தான் வருகின்றன.

சந்தேகம் வந்தால் முதலில் செய்யக்கூடாதது, ரத்த அழுத்த மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ திடீரென நிறுத்துவது. வேறொரு கடையில் வேறு பேட்ச் வாங்கித் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டு மருத்துவரிடம் சொல்லலாம். சந்தேக அட்டையை மீதி மாத்திரைகளோடு, பெட்டியோடு, பில்லோடு அப்படியே ஓர் உறையில் போட்டு வைக்க வேண்டும். கடைக்காரரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம், அதனால் அவரிடம் அந்த பேட்ச் எந்த மொத்த விற்பனையாளரிடமிருந்து வந்தது என்று கேட்கலாம். மாத்திரையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் சான்று போய்விடும். நிறுவனத்திடம் கேட்க இரண்டே கேள்விகள் போதும்: இந்த பேட்ச் எண் உங்களுடையதா, அதற்கு நீங்கள் போட்ட தேதி என்ன? ஒவ்வொரு பேட்சுக்கும் ஆவணமும் மாதிரியும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பதால் இதற்குப் பதில் சொல்ல அவர்களால் முடியும்.

பதில் பொருந்தாவிட்டால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் கடையிலிருந்தே மாதிரி எடுக்க அதிகாரம் உள்ளவர். அதற்கு வெளியே இன்னொரு வழியும் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாதது. 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ம் பிரிவின்படி, தான் வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமை எந்த ஒரு குடிமகனுக்கும் உண்டு. படிவம் 14-ஏ நிரப்பி, உரிய கட்டணம் செலுத்தி, வாங்கியதற்கான விவரத்தோடு கொடுத்தால், கையெழுத்திட்ட ஆய்வறிக்கை கிடைக்கும்.